முட்டை சொல்லும் விதைநெல் கணக்கு
(சம்பா நாற்று விடும் முன் காரைக்கால் பகுதிக் கிராமம் ஒன்றில் வேளாண்மை அலுவலர் பேசியது)



வருகிற 22-ஆம் தேதி சனிக்கிழமை காலை 7 மணிக்கு நம் ஊரில் ஒரு செயல்விளக்கம் வைத்திருக்கிறோம். அதைச் சொல்லத்தான் வந்தேன். எங்கே கூடுவது, என்ன கொண்டு வருவது, வருவதற்கு முன் வீட்டில் என்ன செய்து வைப்பது, இந்த மூன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு வெறும் கையோடு வந்தால் பாதிதான் புரியும். உங்கள் விதையை நீங்களே கொண்டு வந்தால்தான் இது உங்கள் வயலுக்கு உதவும்.

காட்டப் போவது விதைநெல் சோதனை. உப்புத் தண்ணீரில் விதையைப் போட்டு, பதரையும் கருக்காயையும் பிரித்து எடுப்பது. பிறகு நல்ல விதையை நோய் வராமல் நேர்த்தி செய்வது.

"பதர் நீக்க முறம் இருக்கிறதே, காற்று இருக்கிறதே" என்று நீங்கள் நினைப்பீர்கள். சரிதான். தூற்றினால் பதர் பறந்துவிடும். ஆனால் கருக்காய் பறக்காது. அது பாதி பால் பிடித்த நெல். வெளியே பார்த்தால் முழு நெல் மாதிரியே இருக்கும். கையில் எடுத்தால் கூடத் தெரியாது. அதை நாற்றங்காலில் போட்டால் சில முளைக்காது. சில முளைத்தும் நோஞ்சானாக நிற்கும். காரணம் எளிது. நெல் முளைத்து மூன்று இலை விடும் வரை அது மண்ணை நம்பி வாழ்வதில்லை. உள்ளே இருக்கிற அரிசிதான் அதற்குக் கட்டுச்சோறு. கருக்காயில் கட்டுச்சோறு பாதிதான் இருக்கிறது.

நம் பகுதிக்கு இது ஏன் கூடுதலாக முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். நாம் காவிரியின் கடைசியில் இருக்கிறோம். மேட்டூரில் திறந்த தண்ணீர் அரசலாற்றிலும் திருமலைராஜன் ஆற்றிலும் நாட்டாற்றிலும் வந்து, நம் வாய்க்காலைத் தொடுவதற்குள் பல நாள் ஆகிவிடுகிறது. அப்படி வந்த தண்ணீரில் நாற்று விடுகிறோம். பாதி முளைக்கவில்லை என்று வையுங்கள். அது தெரிய ஒரு வாரம் ஆகும். மறுபடி விதை தேடி, மறுபடி சேறு கட்டி, மறுபடி விதைத்தால், நடவு மூன்று வாரம் தள்ளிப் போகும். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். நட்டுச் சில நாளே ஆன சின்னப் பயிர் முழுகினால் அழுகும். முன்னால் நட்டவர் பயிர் தலை நீட்டி நிற்கும். ஒரே மழைதான். இருவருக்கும் பலன் வேறு.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதை ஆகஸ்டு 15-ஆம் தேதி, சுதந்திர தினத்தன்று காலையில் தொடங்குங்கள். நாள் மறக்காது என்பதற்காகத்தான் அந்தத் தேதியைச் சொல்கிறேன்.

நீங்கள் சம்பாவுக்கு வைத்திருக்கும் விதை மூட்டையைத் திறங்கள். மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுங்கள். மேலாக மட்டும் எடுக்க வேண்டாம். மூட்டையின் அடியில் ஈரம் ஏறியிருக்கலாம், அது தெரியாமல் போய்விடும். மூன்று பிடியையும் கலந்து, அதிலிருந்து 100 நெல் எண்ணுங்கள். எண்ணும்போது நல்லதாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். பதராகத் தெரிந்தாலும் வருகிறபடியே எண்ணுங்கள். பொறுக்கி எடுத்த விதையைச் சோதித்தால் பொறுக்காத மூட்டையின் கதை தெரியாது.

பழைய சாக்குத் துண்டு ஒன்றை நனைத்துப் பிழியுங்கள். கிழிந்த வேட்டித் துணியும் போதும். அதை விரித்து, வரிசைக்குப் பத்து நெல் வீதம் பத்து வரிசை வையுங்கள். ஒரு நெல்லுக்கும் மறு நெல்லுக்கும் நடுவே விரல் அகலம் இடம் விடுங்கள். நெருக்கி வைத்தால் ஒன்றின் பூசணம் மற்றதைப் பிடிக்கும். பிறகு பாய் சுருட்டுவது போல் சுருட்டி, நூலால் தளர்வாகக் கட்டுங்கள். நிழலில் ஒரு சட்டியில் நிறுத்தி வையுங்கள். காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளித்தால் போதும். சட்டியில் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் விதைக்கு மூச்சு முட்டும், அழுகிவிடும். பிறகு "விதை கெட்டது" என்று விதைமேல் பழி போடுவோம்.

ஐந்தாம் நாள் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பார்த்துவிட்டுத் திரும்பச் சுருட்டி வையுங்கள். ஏழாம் நாள் 22-ஆம் தேதி. அன்று காலை பிரிக்க வேண்டாம். சுருட்டியபடியே கொண்டு வாருங்கள். அங்கே எல்லோருமாகப் பிரித்து எண்ணுவோம்.

எப்படி எண்ணுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேரும் வந்திருக்க வேண்டும், குருத்தும் வந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் ஒன்று என்று கணக்கு. வேர் மட்டும் வந்து குருத்து இல்லாவிட்டால் கணக்கில் சேராது. குருத்து வந்து வேர் அழுகியிருந்தாலும் சேராது. ஆய்வகத்தில் நெல்லுக்கு 14 நாள் வரை காத்திருந்து எண்ணுவார்கள். நாம் ஏழாம் நாளோடு நிறுத்திக்கொள்வோம். அவ்வளவு தாமதமாக முளைக்கும் விதை நாற்றங்காலில் மற்ற நாற்றின் நிழலில் அமுங்கித்தான் போகும்.

நூற்றுக்கு 80 முளைத்தால் அது தேறிய விதை. சான்று பெற்ற நெல் விதைக்கு அரசு வைத்திருக்கும் கீழ் எல்லையும் அதுதான்.

இனி கூடும் இடம். பெரிய வாய்க்கால் மதகு அருகே இருக்கும் அரச மரத்தடியில் 7 மணிக்குக் கூடுகிறோம். அங்கிருந்து நடந்து ஊர்க் களத்துக்குப் போவோம். மதகடியில் ஏன் கூடுகிறோம் என்றால், மேலத்தெரு, கீழத்தெரு, காலனி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு அது நடுவில் இருக்கிறது. யார் வீட்டு வாசலிலும் வைக்கவில்லை. மழை பெய்தால் களத்துக் கொட்டகையிலேயே கூடுவோம். நாள் மாறாது. ஒன்பதரை மணிக்குள் முடித்துவிடுவோம். வேலைக்குப் போகிறவர்கள் அதற்குப் பிறகு போகலாம்.

பெண்கள் கட்டாயம் வர வேண்டும். இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. விதையை ஊற வைப்பது, மூட்டம் கட்டுவது, நாற்றுப் பறிப்பது எல்லாம் பெரும்பாலான வீட்டில் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆண்கள் மட்டும் வந்து கேட்டுவிட்டுப் போனால், வீட்டில் போய்ப் பாதியைத்தான் சொல்வார்கள். அந்தப் பாதியிலும் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள்.

என்ன கொண்டு வர வேண்டும்? ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் விதையில் ஒரு கிலோ கொண்டு வாருங்கள். அதையும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்து எடுங்கள். துணிப்பையில் போடுங்கள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். அதில் உங்கள் பெயர், நெல்லின் ரகம், எந்த மாதம் அறுத்தது, இந்த மூன்றையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். பத்துப் பை ஒரே இடத்தில் சேர்ந்தால் எது யாருடையது என்று நெல் சொல்லாது, சீட்டுதான் சொல்லும்.

அதோடு, சுருட்டிய சாக்குத் துண்டு. ஒரு நோட்டும் பென்சிலும். ஐந்து வீட்டுக்கு ஒரு வாளி போதும். இரண்டு வாளி இருந்தால் இன்னும் நல்லது, ஒன்று உப்புத் தண்ணீருக்கு, ஒன்று கழுவ. பிளாஸ்டிக்கோ எவர்சில்வரோ எதுவானாலும் சரி. மருந்து கலந்த வாளியை மட்டும் கொண்டு வராதீர்கள். சல்லடைக் கரண்டி இருந்தால் எடுத்து வாருங்கள். பலகாரம் எடுக்கிற கரண்டி போதும். ஐந்து வீட்டுக்கு ஒரு கோழி முட்டை. கல்லுப்பு நான் கொண்டு வருகிறேன். தராசும் நான் கொண்டு வருகிறேன்.

கடையில் மருந்து கலந்து விற்கும் விதையைக் கொண்டு வர வேண்டாம். நிறம் பூசியது போல் இருந்தால் அது மருந்து விதை. மிதந்ததைக் கழுவிக் கோழிக்குப் போடலாம் என்று நான் சொல்லப் போகிறேன். மருந்து விதையை அப்படிப் போட்டால் கோழி செத்துவிடும். சான்று விதை வாங்கியவர்கள் பையில் தைத்திருக்கும் நீலச் சீட்டைக் கிழித்து எறியாமல் எடுத்து வாருங்கள். சோதித்த தேதியும் எந்தத் தேதி வரை அந்த விதை செல்லும் என்பதும் அதில் இருக்கும். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

முட்டை எதற்கு என்று அங்கே ஒரு அம்மா சிரிக்கிறார்கள். சொல்கிறேன்.

உப்பு எவ்வளவு போட வேண்டும் என்பதை முட்டைதான் சொல்லும். வெறும் தண்ணீரில் முட்டை முழுகும். உப்பு கரையக் கரையத் தண்ணீர் கனமாகும். கனமாக ஆக முட்டை மேலே எழும். முட்டையின் மேல்புறம், பழைய நாலணாக் காசு அகலத்துக்குத் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால், உப்பு போதும். அந்தத் தண்ணீரில் முழு நெல் முழுகும், கருக்காய் மிதக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு, அல்லது அதற்குச் சற்றுக் கூடத் தேவைப்படும். உப்பு ஈரமாக இருந்தால் அளவு மாறும். ஆகவே கிலோவை நம்பாமல் முட்டையை நம்புங்கள்.

ஆனால் முட்டை புதிதாக இருக்க வேண்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முட்டை பழசானால் அதன் உள்ளே காற்று இடம் பெரிதாகும். அதனால் கொஞ்சம் உப்புப் போட்டதும் மிதந்துவிடும். உப்பு போதும் என்று நிறுத்திவிடுவோம். தண்ணீர் போதிய கனம் இராது. கருக்காயும் முழு நெல்லோடு சேர்ந்து முழுகிவிடும். "மிதந்தது கொஞ்சம்தான், என் விதை முதல் தரம்" என்று நினைத்துக்கொள்வோம். ஆகையால் முதலில் முட்டையை வெறும் தண்ணீரில் போடுங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் புது முட்டை. அடியில் நட்டமாக நின்றால் பழசு. மிதந்தால் அது முட்டையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் ஒருவர் கேட்கிறார். "தம்பி, கடல் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே. நாலு குடம் கடல் தண்ணீர் கொண்டு வந்தால் உப்புச் செலவு மிச்சம்தானே?" நல்ல கேள்வி. கடல் தண்ணீர் நாக்குக்குக் கரிக்கும். ஆனால் 10 லிட்டர் கடல் தண்ணீரில் இருக்கும் உப்பு ஏறக்குறைய 350 கிராம்தான். நமக்கு வேண்டியதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. அதில் முட்டை முழுகியே கிடக்கும். வேண்டுமானால் ஐயா அன்றைக்கு ஒரு செம்பு கடல் தண்ணீர் கொண்டு வாருங்கள். எல்லோர் முன்னாலும் முட்டையைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

உப்புத் தண்ணீர் தயாரானதும் முட்டையை எடுத்துவிட்டு, விதையை மூன்று நான்கு கிலோவாகப் போட வேண்டும். முழு மூட்டையையும் கொட்டினால் கருக்காய் மேலே வர வழி இருக்காது, நல்ல நெல்லுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். போட்டதும் கையால் நன்றாகக் கலக்க வேண்டும். காய்ந்த நெல்லின் மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கும், அது நல்ல நெல்லையும் மிதக்க வைக்கும். கலக்கினால் குமிழி போய் நல்லது இறங்கிவிடும். ஓரிரு நிமிடம் விட்டு, மிதப்பதைக் கரண்டியால் அள்ளிவிடுங்கள்.

உடனே அடியில் இருக்கும் விதையை எடுத்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவ வேண்டும். இதில் சோம்பல் படக் கூடாது. வெற்றிலை போட்டு வரலாம் என்று போனால், விதை உப்புத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கிவிடும். உப்பு ஏறிய விதை சரியாக முளைக்காது. நம் கடலோர நிலத்தில் உப்பின் கெடுதல் உங்களுக்குத் தெரியாததல்ல.

அதே உப்புத் தண்ணீரை அடுத்த தடவைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் முட்டையைப் போட்டுப் பாருங்கள். காசு அகலம் தெரியாவிட்டால் ஒரு பிடி உப்பு சேருங்கள். முடிந்த பிறகு அந்தத் தண்ணீரை நாற்றங்காலிலும் வயலிலும் வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். மிதந்ததை நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கோழிக்குப் போடலாம்.

இப்போது சாக்குத் துண்டில் எண்ணியதையும் வாளியில் பார்த்ததையும் சேர்த்து ஒரு கணக்குப் பார்ப்போம். இதுதான் அன்றைய நாளின் முக்கிய வேலை. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இரண்டு பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். இருவர் துணியிலும் நூற்றுக்கு 64 தான் முளைத்திருக்கிறது. இருவருக்கும் ஒரே எண். ஆனால் நோய் ஒன்றா? அதை வாளிதான் சொல்லும்.

முதலாமவர் ஒரு கிலோ விதையை உப்புத் தண்ணீரில் போடுகிறார். 200 கிராம் மிதக்கிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அவர் முழுகிய விதையில் மறுபடி 100 எண்ணித் துணியில் சுருட்டி வைக்கிறார். 29-ஆம் தேதி பிரித்தால் 82 முளைத்திருக்கிறது. அப்படியானால் அவர் விதைக்கு உயிர் இருக்கிறது. கருக்காய்தான் கணக்கைக் கெடுத்தது. போன அறுவடையில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் குறைந்திருக்கலாம், பூச்சி அடித்திருக்கலாம், கதிர்நாவாய்ப்பூச்சி பாலை உறிஞ்சியிருக்கலாம். எப்படியானாலும் மருந்து எளிது. அவருக்கு 20 கிலோ நல்ல விதை வேண்டுமானால், 25 கிலோவை எடுத்து உப்புத் தண்ணீரில் கலைத்தால் போதும். ஐந்து கிலோ கழிந்துவிடும், 20 கிலோ நிற்கும்.

இரண்டாமவர் ஒரு கிலோ போடுகிறார். 30 கிராம்தான் மிதக்கிறது. மகிழ்ச்சிப்படுகிறார். ஆனால் முழுகிய விதையைத் துணியில் வைத்துப் பார்த்தால், 29-ஆம் தேதி 66 தான் முளைத்திருக்கிறது. நெல் கனமாகத்தான் இருக்கிறது, ஆனால் உயிர் போய்விட்டது. விதை பழசாக இருக்கலாம், சரியாகக் காயாமல் மூட்டை கட்டியிருக்கலாம், சிமெண்டுத் தரையில் அட்டியலிட்டு அடியில் ஈரம் ஏறியிருக்கலாம். இதற்கு உப்பு ஒன்றும் செய்ய முடியாது. செத்த விதை முழுகத்தான் செய்யும்.

அவர் என்ன செய்வது? வேறு விதை கிடைத்தால் மாற்றிவிடுவதே மேல். கிடைக்கவே இல்லை என்றால் கூடுதலாக விதைக்கலாம். வழக்கமாக அவர் 20 கிலோ விதைக்கிறார் என்று வைப்போம். நூற்றுக்கு 80 முளைக்கும் விதை 20 கிலோவில், உயிருள்ளது 16 கிலோ. நூற்றுக்கு 66 முளைக்கும் விதையில் அந்த 16 கிலோ கிடைக்க, 24 கிலோவுக்குச் சற்றுக் கூட வேண்டும். இது எண்ணுக்குச் சரி. ஆனால் உயிர் குறைந்த மூட்டையில் முளைக்கிற நாற்றும் மெதுவாகத்தான் எழும் என்பதை மறக்க வேண்டாம். 60-க்குக் கீழே போனால் நான் விதைக்கச் சொல்ல மாட்டேன். அரைத்து அரிசியாக்கிச் சாப்பிடுங்கள். அதற்கு அது நல்ல நெல்தான்.

ஒரு விலக்கும் உண்டு. சில வாரத்துக்கு முன்தான் அறுத்த நெல்லை யாராவது விதைக்கு வைத்திருந்தால், அது முளைக்காமல் போகலாம். சில ரகங்களுக்கு அறுவடைக்குப் பின் உறக்கக் காலம் உண்டு. அது செத்த விதை அல்ல, தூங்கும் விதை. துணியில் ஊறி, பூசணம் பிடிக்காமல், அமுக்கினால் கெட்டியாக இருந்தால் உறக்கமாக இருக்கலாம். கொழகொழவென்று இருந்தால் செத்தது. துண்டுச் சீட்டில் அறுத்த மாதத்தை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

முழுகிய நல்ல விதைக்கு நேர்த்தி செய்வதையும் அன்றைக்குக் காட்டுவேன். சூடோமோனாஸ் என்று ஒரு நன்மை செய்யும் நுண்ணுயிர். சுண்ணாம்புத் தூள் போல் பொட்டலத்தில் வரும். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அதில் விதையை இரவு ஊற வைத்து, காலையில் தண்ணீரை வடித்து மூட்டம் கட்ட வேண்டும். நாற்றங்காலில் வரும் குலை நோயைக் குறைக்கும். குருத்துப்பூச்சிக்கு இது மருந்தல்ல, அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். இது உயிர் உள்ள பொருள். ஆகவே வெயிலில் வைக்கக் கூடாது, பொட்டலத்தில் தேதி தாண்டியிருக்கக் கூடாது, பூசணக் கொல்லி மருந்தோடு சேர்க்கவும் கூடாது. சேர்த்தால் அந்த மருந்து நன்மை செய்யும் உயிரையும் கெடுத்துவிடலாம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும்.

உப்புச் சோதனையை முதலில், நேர்த்தியைப் பிறகு. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். நேர்த்தி செய்துவிட்டு உப்பில் போட்டுக் கழுவினால் எல்லாம் கழுவிப் போய்விடும்.

இந்தச் சோதனையால் தெரியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ரகக் கலப்பு இதில் தெரியாது. சம்பா விதையில் குறுவை நெல் கலந்திருந்தால், இரண்டும் கனமாக இருந்தால் இரண்டும் முழுகும். அதை வயலில் கதிர் வரும்போது பார்த்துப் பிடுங்குவதுதான் வழி. அதற்கு வேறு ஒரு நாள் வருகிறேன்.

பின்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்கள். "எங்களுக்கு நிலம் இல்லை சார். நாங்கள் வந்து என்ன செய்ய?" நாற்றுப் பறிக்க நீங்கள்தானே போகிறீர்கள் அம்மா. நோஞ்சான் நாற்று வேர் அறுந்து வரும், முடி கட்டவும் நேரம் ஆகும். எந்த வயல் நாற்று எப்படி வந்தது என்பது நில உடைமைக்காரரைவிட உங்கள் கைக்குத்தான் நன்றாகத் தெரியும். நீங்கள் வந்து, போன வருஷம் எந்த நாற்றங்காலில் எப்படி இருந்தது என்று சொன்னால், நான் தெரிந்துகொள்வேன்.

29-ஆம் தேதியும் சனிக்கிழமைதான். அன்று காலை அதே 7 மணிக்கு, அதே களத்தில், இரண்டாவது முறை சுருட்டிய துணிகளைப் பிரிப்போம். அதற்குப் பிறகு நாற்று விட்டால் சம்பாவுக்கு நாள் தாண்டாது. வேறு விதை வேண்டியவர்கள் உழவர் உதவியகத்தில் அன்றைக்கே சொல்லி வைக்கலாம்.

முதல் நாள் மாலை தண்டோரா போடச் சொல்லியிருக்கிறேன். 15-ஆம் தேதி துணி சுருட்ட மறந்தவர்களும் வரலாம். அவர்கள் ஒரு கிலோ விதையும் சீட்டும் மட்டும் கொண்டு வரட்டும், அன்றைக்கே சுருட்டுவோம். ஐந்து ஐந்து வீடாகச் சேர்ந்து, யார் வாளி, யார் முட்டை என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். இந்த நோட்டில் பெயரும் ரகமும் எழுதிவிட்டுப் போங்கள். எத்தனை கிலோ உப்பு கொண்டு வருவது என்று அதைப் பார்த்துத்தான் நான் கணக்குப் போட வேண்டும்.